பெயர் மட்டும் போதும் என்று வரும் கடிதம்: ஆய்விதழ் ஆசிரியர் குழு அழைப்பை மறுப்பது எப்படி?

கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு கட்டுரைகள் வெளிவந்துவிட்டால் போதும், சீக்கிரமே அந்த மின்னஞ்சல் வந்துவிடும். 'மாண்புமிகு பேராசிரியர் அவர்களுக்கு' என்று தொடங்கும். நீங்கள் இன்னும் உதவிப் பேராசிரியர்தான், ஆனால் அது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. உங்கள் ஆய்வைப் படித்து வியந்துபோனதாகவும், தங்கள் சர்வதேச ஆய்விதழின் ஆசிரியர் குழுவில் நீங்கள் இடம்பெற வேண்டும் என்றும் எழுதியிருப்பார்கள். எந்தக் கட்டுரையைப் படித்தார்கள் என்று மட்டும் சொல்லியிருக்க மாட்டார்கள். 48 மணி நேரத்துக்குள் பயோடேட்டாவும் ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் அனுப்ப வேண்டும் என்று கடைசி வரியில் இருக்கும்.

முதல் தடவை வரும்போது மனசுக்குள் கொஞ்சம் குளிரத்தான் செய்யும். எனக்கும் குளிர்ந்தது.

ஆசிரியர் குழு என்றால் என்ன வேலை என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒழுங்காக நடக்கும் ஓர் ஆய்விதழில் முதன்மை ஆசிரியர் ஒருவர் இருப்பார். வரும் கட்டுரைகளை அவர் தனியாக எடைபோட முடியாது என்பதால், துறையின் வெவ்வேறு மூலைகளைத் தெரிந்தவர்களைத் துணைக்கு வைத்துக்கொள்கிறார். அவர்கள்தான் குழு. ஒரு கட்டுரையை யாரிடம் மதிப்பீட்டுக்கு அனுப்பலாம் என்று சொல்வார்கள். ரிவ்யூ செய்தவர்கள் இருவர் முரண்பட்டால் நடுவில் நின்று படிப்பார்கள். இதழ் தவறான திசையில் போனால் கேள்வி கேட்பார்கள். பெரும்பாலும் இதற்குச் சம்பளம் கிடையாது. இரண்டு அல்லது மூன்று ஆண்டு என்று பதவிக்காலம் இருக்கும். வருஷத்துக்கு இத்தனை கட்டுரை பார்க்க வேண்டியிருக்கும் என்று அழைக்கும்போதே சொல்லிவிடுவார்கள். அதாவது உண்மையான அழைப்பு உங்களிடம் வேலை கேட்கும். சந்தேகத்துக்குரிய அழைப்பு பெயரை மட்டும் கேட்கும்.

பெயரை வைத்து என்ன செய்துவிட முடியும் என்று தோன்றலாம். காசு வாங்கிக்கொண்டு எதையும் படிக்காமல் வெளியிடும் இதழுக்கு வாடிக்கையாளர் யார்? முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை தேவைப்படும் ஸ்காலர். அவர் பணம் கட்டுமுன் இணையதளத்தில் ஒரு பக்கத்தை மட்டும் நிதானமாகப் பார்ப்பார். அதுதான் ஆசிரியர் குழுப் பக்கம். அதில் பக்கத்து ஊர் கல்லூரிப் பேராசிரியரின் பெயரும் போட்டோவும் இருந்தால் சந்தேகம் போய்விடும். கடைக்கு வெளியே தொங்கும் பலகையில் உங்கள் பெயரை எழுதிக்கொள்ளத்தான் அந்த மின்னஞ்சல்.

இதை ஒரு சோதனையாகவே செய்து காட்டியிருக்கிறார்கள். போலந்து நாட்டு ஆய்வாளர்கள் சிலர் 'அன்னா ஓ. ஷுஸ்ட்' என்ற பெயரில் இல்லாத ஒரு விஞ்ஞானியை உருவாக்கினார்கள். போலிஷ் மொழியில் 'ஓஷுஸ்ட்' என்றால் மோசடிக்காரர் என்று பொருள். பட்டங்கள் பொய், நூல் பங்களிப்புகள் பொய், ஆசிரியர் வேலையில் அனுபவம் சுழியம். அவர் பெயரில் 360 ஆய்விதழ்களுக்கு 'என்னை ஆசிரியராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று விண்ணப்பம் போனது. மூன்று பட்டியல்களிலிருந்து தலா 120 இதழ்கள். ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்று அளக்கும் எண் இம்பாக்ட் ஃபாக்டர். அது உள்ள இதழ்களின் பட்டியலிலிருந்து ஒன்றுகூட ஏற்கவில்லை. யாரும் காசில்லாமல் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்களின் அடைவான டோஜ் பட்டியலில் 8 ஏற்றன. அமெரிக்க நூலகர் ஜெஃப்ரி பீல் தொகுத்திருந்த சந்தேகப் பட்டியலில் 40 ஏற்றன. நான்கு இதழ்கள் அந்த இல்லாத அம்மையாரை முதன்மை ஆசிரியராகவே ஆக்கிவிட்டன. 2017-இல் 'நேச்சர்' இதழில் இந்த விவரம் வெளிவந்தது. என்னை அதிகம் யோசிக்கவைத்தது எண்ணிக்கை இல்லை. பொறுப்பு எதுவும் கிடையாது, பெயரை மட்டும் போட்டுக்கொள்கிறோம் என்று ஓர் இதழ் வெளிப்படையாகவே எழுதியிருந்ததுதான்.

சரி, வந்திருக்கும் அழைப்பு எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சில ஆண்டுகளுக்கு முன்பு என்றால் 'யுஜிசி-கேர் பட்டியலில் இருக்கிறதா பார்' என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். தரமான இதழ்கள் எவை என்று சொன்ன அந்தப் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இப்போது ஆராய்ந்து முடிவெடுக்கும் பொறுப்பு கல்லூரிகளிடமும் பேராசிரியர்களிடமும் வந்திருக்கிறது. அதனால் நாமே பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். அரை மணி நேர வேலை.

எங்கள் வேதியியல் துறையில் என் பக்கத்து மேஜையில் இருக்கும் தோழிக்கு இப்படி ஓர் அழைப்பு வந்தபோது இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். அவர் சாயக் கழிவுநீரிலிருந்து நிறத்தைப் பிரித்தெடுக்கும் ஆய்வு செய்கிறவர். இதழின் தலைப்போ அறிவியல், பொறியியல், மேலாண்மை, மொழியியல் என்று எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்திருந்தது.

முதலில் ஐஎஸ்எஸ்என் எண்ணை portal.issn.org தளத்தில் போட்டுப் பார்த்தோம். எண் உண்மையானது, தலைப்பும் பொருந்தியது. 'அப்ப நல்ல பத்திரிகைதானே?' என்றார் தோழி. இங்கேதான் பலரும் நின்றுவிடுகிறார்கள். ஐஎஸ்எஸ்என் என்பது வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி. இந்தத் தலைப்பில் ஒரு தொடர் வெளியீடு இருக்கிறது என்பதைத் தவிர அது எதையும் சொல்லாது. எண் பொய்யாக இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. உண்மையாக இருந்தால் எதுவும் முடியவில்லை.

அடுத்து முகப்பில் பெரிய எழுத்தில் 'இம்பாக்ட் ஃபாக்டர் 7.384' என்று இருந்தது. இம்பாக்ட் ஃபாக்டரைக் கணக்கிட்டு வெளியிடுவது கிளாரிவேட் என்ற ஒரே நிறுவனம். 2023 முதல் அவர்கள் அதை ஒரு தசம இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்த ஆண்டு மதிப்பு என்று போட்டு, புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் காட்டினால் அது வேறு எங்கோ விலைக்கு வாங்கிய எண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இந்த இதழ் காட்டிய எண்ணுக்கு அடியில் கிளாரிவேட்டின் பெயரே இல்லை.

இவை இரண்டும் வெளிச்சுவர். உள்ளே போய் ஒரு கட்டுரையைப் படித்தால்தான் வீட்டின் நிலை தெரியும். கடைசியாக வந்த மாத இதழைத் திறந்தோம். ஒரே இதழில் 140 கட்டுரைகள். சாய நீக்கம் பற்றிய ஒன்றைத் தோழி தேர்ந்தெடுத்தார். முதல் பக்கத்தின் அடியில் 'பெறப்பட்ட நாள் 3, ஏற்கப்பட்ட நாள் 5' என்று இருந்தது. இரண்டே நாள். ஒரு கட்டுரையை இரண்டு பேர் படித்து, குறை சொல்லி, எழுதியவர் திருத்தி அனுப்ப வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும். மூன்றாவது படத்தில் லாங்மியர் கோடு வரைந்திருந்தார்கள், அச்சுகளில் அலகே இல்லை. கட்டுரையின் உரையில் R² மதிப்பு 0.998, அடுத்த பக்க அட்டவணையில் அதே மதிப்பு 0.898. 'எம்.எஸ்சி. பிள்ளைங்க ரெக்கார்ட் நோட்டுல இப்படி எழுதினா நான் சிவப்பு மையில வட்டம் போடுவேன்' என்றார் தோழி. அதற்குப் பிறகு விவாதிக்க எதுவும் இல்லை. பேருக்கு, கட்டணப் பக்கத்தையும் பார்த்தோம். கட்டுரைக்கு 1,500 ரூபாய்.

எல்லா அழைப்பும் இவ்வளவு எளிதாகப் பிடிபடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பல்கலைக்கழகத் துறை நடத்தும் சிறிய இதழ், தமிழாய்வுக்கென்று நாலு பேர் கைக்காசு போட்டு நடத்தும் காலாண்டிதழ் போன்றவற்றின் இணையதளம் பார்க்கச் சகிக்காமல் இருக்கலாம், எந்தத் தரவுத்தளத்திலும் இல்லாமல் இருக்கலாம். அதற்காக அவற்றை மோசடி என்று தள்ளக் கூடாது. சந்தேகம் இருபுறமும் சாயும்போது நான் கேள்வி கேட்டு எழுதுவேன். போன ஆண்டு எத்தனை கட்டுரை வந்தது, எத்தனையைத் திருப்பி அனுப்பினீர்கள்? வெளியிடலாமா வேண்டாமா என்று கடைசியில் முடிவெடுப்பது யார்? என் பங்குக்கு நான் என்ன செய்ய வேண்டும், எத்தனை ஆண்டுக்கு? வேலை செய்கிற ஆசிரியர் இதற்கு மகிழ்ச்சியாகவே பதில் சொல்வார், பெரும்பாலும் குறைகளையும் சேர்த்தே சொல்வார். மற்றவர்களிடமிருந்து அதே அழைப்புக் கடிதம் மறுபடி வரும்.

இனி மறுப்பு. இது ஒரு கடிதம்தான், ஆனால் அதன் சொற்கள் முக்கியம். ஆயிரம் பேருக்கு ஒன்றாகப் போன குப்பை அஞ்சல் என்று பார்த்தாலே தெரிந்தால், அழித்துவிட்டு வேலையைப் பாருங்கள். பதில் போட்டால் உங்கள் முகவரி உயிரோடு இருக்கிறது என்றுதான் அவர்களுக்குத் தெரியவரும். ஆனால் உங்கள் பெயரைச் சேர்க்கப் போவதாகவோ, பதில் வராவிட்டால் சம்மதமாக எடுத்துக்கொள்வதாகவோ எழுதியிருந்தாலும், ஒரு மனிதர் தன் பெயரில் கேட்டிருந்தாலும் எழுத்தில் மறுத்தே ஆக வேண்டும். மௌனம் சம்மதம் என்ற பழமொழியை அவர்கள் நன்றாகவே பயன்படுத்துவார்கள்.

தோழி அனுப்பியது நான்கே வாக்கியம். ஆங்கிலத்தில் எழுதினார், பொருள் இது:

'உங்கள் அழைப்பு கிடைத்தது. ஆசிரியர் குழுவில் சேர எனக்கு விருப்பமில்லை. என் பெயர், படம், கல்லூரி முகவரி ஆகியவற்றை உங்கள் இணையதளத்திலோ விளம்பரத்திலோ வேறு ஆவணத்திலோ பயன்படுத்த நான் அனுமதி தரவில்லை. ஏற்கெனவே சேர்த்திருந்தால் இம்மாதம் 20-ஆம் தேதிக்குள் நீக்கிவிட்டுத் தெரிவிக்கவும்.'

முதலில் அவர் எழுதிய வரைவு இப்படி இல்லை. 'என்னை அழைத்ததைப் பெருமையாகக் கருதுகிறேன், ஆனால் தற்போது வேலைப்பளு அதிகம்' என்று இருந்தது. நம் வளர்ப்பு அப்படி. மூஞ்சியில் அடித்த மாதிரி வேண்டாம் என்று சொல்ல வராது. ஆனால் இந்த மாதிரி இடத்தில் அந்த இரண்டு பாதிகளும் ஆபத்து. பெருமையாகக் கருதுகிறேன் என்ற பாதியை வெட்டியெடுத்துச் சம்மதம் என்று காட்டலாம். வேலைப்பளு என்ற பாதிக்கு, 'வேலை எதுவும் இல்லை மேடம், பெயர் மட்டும் போதும்' என்று மறுநாளே பதில் வரும். காரணம் சொன்னால் அது பேரத்துக்கு வழிவிடும். அதனால் அறிமுகமில்லாதவருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் இதழ் மோசடி என்று திட்டி எழுதவும் வேண்டியதில்லை. அதை நிரூபிக்கும் வேலை உங்களுடையது அல்ல.

மூன்றாவது வாக்கியம்தான் கடிதத்தின் உயிர். சேர விருப்பமில்லை என்பது ஒன்று, பெயரைப் பயன்படுத்த அனுமதி இல்லை என்பது வேறு. பின்னால் யாராவது கேட்டால் காட்ட வேண்டியது இரண்டாவதைத்தான். கல்லூரி மின்னஞ்சலிலிருந்து அனுப்புங்கள், ஒரு பிரதியை எடுத்து வையுங்கள். பயோடேட்டா, போட்டோ, கையெழுத்தின் ஸ்கேன் எதையும் இணைக்க வேண்டாம். 'யோசித்துச் சொல்கிறேன்' என்று இடையில் ஒரு கடிதமும் வேண்டாம்.

அறிமுகமில்லாதவரை மறுப்பது இவ்வளவுதான். கஷ்டம் தெரிந்தவர் கேட்கும்போது வருகிறது. எனக்குப் பிஎச்.டி. வழிகாட்டியாக இருந்தவர், ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு அழைத்தார்.

'என்னப்பா, நல்லா இருக்கியா? நான் ஒரு ஜர்னல்ல சீஃப் எடிட்டரா இருக்கேன். போர்டுல உன் பேரைப் போட்டுக்கிறேன், சரியா?'

'சார், பேரைப் போடறதுக்கு முன்னாடி அதுல வந்த பேப்பர் ரெண்டு படிச்சுப் பாத்துட்டு நாளைக்கே கூப்பிடறேன் சார்.'

'அதெல்லாம் எதுக்குப்பா, உனக்கு ஒரு வேலையும் கிடையாது.'

அந்தக் கடைசி வரியிலேயே எனக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனாலும் படித்தேன், மறுநாள் அழைத்தேன். அவரைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. இன்ன கட்டுரையில் இன்ன படம் வேறொரு கட்டுரையிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டிருக்கிறது, இதை யாரும் படித்துப் பார்த்த மாதிரி தெரியவில்லை, அதனால் என் பெயர் வேண்டாம் சார் என்றேன். உங்களுக்கு எந்தக் கட்டுரையைப் பற்றியாவது சந்தேகம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், பெயர் இல்லாமலேயே படித்துச் சொல்கிறேன் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. 'சரி, உன் இஷ்டம்' என்று வைத்துவிட்டார். தீபாவளிக்கு நான் வாழ்த்துச் சொல்ல அழைத்தபோது அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கட்டுரை எதுவும் இதுவரை அனுப்பவில்லை. அவர் பெயர் இன்னும் அந்தப் பட்டியலின் உச்சியில்தான் இருக்கிறது.

தெரிந்தவரிடம் காரணத்தை மறைத்தால் அடுத்த வருஷம் மறுபடி கேட்பார். சொன்னால் வருத்தம் வரலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பேன், ஆனால் பேச்சு கட்டுரையைப் பற்றியதாக மட்டும் இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். தொலைபேசியில் பேசிய பிறகு ஒரு சிறு மின்னஞ்சலும் போட்டுவிடுவேன்: 'நேற்றுப் பேசியபடி, என் பெயரைச் சேர்க்க வேண்டாம் சார்.' மரியாதைக்குக் குறைவில்லை, தேதியும் பதிவாகிவிடும்.

கான்ஃபரன்ஸ் கமிட்டி அழைப்பிலும் கதை இதேதான், வேகம் மட்டும் அதிகம். ஒழுங்கான மாநாட்டின் தொழில்நுட்பக் குழுவில் சேர்ந்தால், இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிக்குள் இத்தனை கட்டுரைகளை மதிப்பிட வேண்டும் என்று சொல்லி, ஈஸிசேர் மாதிரி ஒரு தளத்தில் உங்களுக்குக் கணக்கு திறப்பார்கள். மற்ற இடங்களில் பிரௌச்சருக்கு உங்கள் பெயர் வேண்டும், நாளையே அச்சுக்குப் போகிறது என்பார்கள். ஏற்கப்படும் எல்லாக் கட்டுரையும் ஸ்கோபஸ் என்ற ஆய்வுத் தரவுத்தளத்தில் வரும் என்று அதே பிரௌச்சரில் உறுதி அளித்திருந்தால் தயங்காமல் விலகுங்கள். எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்வது ஸ்கோபஸ் தரப்பின் தேர்வு முறை. மாநாடு நடக்குமுன்னே அமைப்பாளர் யாரும் அதற்கு வாக்குக் கொடுக்க முடியாது. பிரௌச்சர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவதால், உங்கள் பெயரோடு போய்விட்டால் இணையதளத்தில் நீக்குவது மட்டும் போதாது. திருத்திய பிரௌச்சரை அதே குழுக்களில் போடச் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் கல்லூரியே அப்படி ஒரு மாநாட்டை நடத்தி, பிரின்சிபால் பெயர் கேட்டால்? முழுக்க மறுப்பது எல்லோராலும் முடிகிற காரியமில்லை, அதைப் பாசாங்கில்லாமல் ஒப்புக்கொள்ளலாம். நீங்கள் உண்மையில் செய்யப்போகும் வேலையின் கீழ் பெயர் வரட்டும் என்று கேளுங்கள். விருந்தினரை ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வருவதானால் 'வரவேற்புக் குழு'. கட்டுரைகளைப் படிக்காதவரின் பெயர் 'தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு'வின் கீழ் வரக் கூடாது. ஒரு வரியை இடம் மாற்றுவதுதான் என்பதால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

மறுத்த பிறகும் பெயரைப் போட்டுவிடுவது அபூர்வம் இல்லை. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஆய்விதழ்களும் மாநாடுகளும் நடத்திய ஓமிக்ஸ் நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2016-இல் தொடுத்த வழக்கில் இதுவும் ஒரு குற்றச்சாட்டு. சம்மதிக்காத அறிஞர்களை ஆசிரியர்களாகவும் மாநாட்டுப் பங்கேற்பாளர்களாகவும் காட்டினார்கள் என்றது ஆணையம். 2019-இல் அமெரிக்க நீதிமன்றம் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்து 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த உத்தரவிட்டது. தனி ஆளாக நாம் அந்த அளவுக்குப் போக முடியாது. செய்யக்கூடியது, உங்கள் பெயர் இருக்கும் பக்கத்தை முகவரியும் தேதியும் தெரிய ஸ்க்ரீன்ஷாட் எடுப்பது, அதே பக்கத்தை web.archive.org தளத்தில் சேமித்துவைப்பது, பழைய மறுப்பை இணைத்து மறுபடி எழுதுவது, கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு பிரதி கொடுப்பது. அந்த இதழ் டோஜ் பட்டியலில் இருந்தால் அவர்களுக்கும் புகார் அனுப்பலாம். கல்லூரி இணையதளத்தில் உங்களுக்கென்று உள்ள பக்கத்தில் 'இந்த இதழோடு எனக்குத் தொடர்பில்லை' என்று ஒரு வரி சேர்த்தால், உங்கள் பெயரைத் தேடுகிறவர் கண்ணில் படும்.

தோழியின் விஷயத்தில் 20-ஆம் தேதி வரை காத்திருந்து பார்த்தோம். கல்லூரித் தளத்திலிருந்து எடுத்த போட்டோவோடு அவர் பெயர் இருபத்தேழாவது ஆளாக இருந்தது, இனிஷியல் மட்டும் தப்பாக. மறுபடி எழுதினார். போட்டோ போனது, பெயர் போகவில்லை. மூன்றாவது கடிதத்துக்குப் பதிலே இல்லை. கல்லூரிப் பக்கத்தில் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டு விட்டுவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து வேறொரு மாவட்டத்திலிருந்து ஒரு ஸ்காலர் துறை எண்ணுக்கு அழைத்தார். அந்த இதழில் தோழியின் பெயரைப் பார்த்துவிட்டு, பிறகு கூகிளில் தேடி அந்த வரியையும் படித்திருக்கிறார். தோழி தன் மறுப்புக் கடிதத்தை அவருக்கு அனுப்பிவைத்தார். அவர் திரும்ப அழைத்துக் கேட்டது ஒன்றுதான்: 'மேடம், நான் உங்க பேரைப் பாத்து 1,500 ரூபாய் கட்டிட்டேன். திரும்ப வாங்க முடியுமா?'